கோர்ஸில் சேருமுன் ஆறு சனிக்கிழமை

சிறப்புக் கல்வி டிப்ளமோவில் சேர யோசிக்கிறீர்களா? ஃபீஸ் கட்டுவதற்கு முன், வேலூர், காட்பாடி பக்கம் உள்ள ஒரு சிறப்புப் பள்ளியில் தொடர்ந்து ஆறு சனிக்கிழமை, காலை முதல் பள்ளி விடும்வரை, தன்னார்வலராக இருந்து பாருங்கள். சனிக்கிழமை விடுமுறை என்றால் வார நாளில் போகலாம். போகும்போதே, "ஆண்டு விழா வேலை வேண்டாம், ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியருக்கு உதவியாக விடுங்கள்" என்று கேளுங்கள். விழாவுக்குத் தோரணம் கட்டினால் இந்தத் தொழில் பற்றி எதுவும் தெரியவராது.

டிப்ளமோவுக்கு இரண்டு வருடம் போகும். ஆம்பூர் ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு, அந்த இரண்டு வருடச் சம்பளமும் சேர்ந்த செலவு அது. இந்த வேலையின் கஷ்டமோ முதல் நாளில் தெரியாது. ஒரு குழந்தை சட்டைப் பட்டன் போடப் பழகவே மாதக்கணக்காகலாம். அதே பயிற்சியை நான்காவது வாரமும் பொறுமையாகச் செய்ய முடிகிறதா, சாப்பாடு ஊட்டவும் கழிப்பறைக்கு அழைத்துப்போகவும் மனம் ஒப்புகிறதா என்பதுதான் சோதனை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக எழுதும் முன்னேற்றப் பதிவேட்டையும் ஆசிரியர் அருகில் உட்கார்ந்து பாருங்கள். பலருக்குச் சலிப்பு தட்டுவது அங்கேதான். சேரப்போகும் கல்லூரிக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்பதையும் அந்தப் பள்ளி ஆசிரியர்களிடமே விசாரித்துவிடலாம்.

நர்சிங்குக்கு இந்த வழி சரிப்படாது. மருத்துவமனையில் பயிற்சி இல்லாத தன்னார்வலரை ஊசி, மருந்து பக்கம் விடமாட்டார்கள். வழிகாட்டவும் படிவம் நிரப்பவும்தான் விடுவார்கள்.