குறிப்புச் செயலியில் பேசியும் எழுதாத தமிழ்

குறுஞ்செய்தியில் நான் பேசிய தமிழை ஒழுங்காக எழுதிய கைபேசி, குறிப்புச் செயலியில் மட்டும் மௌனம் காத்தது. மைக் பழுதாக இருந்தால் இரண்டிலும் அல்லவா தவறியிருக்கும்? உண்மையில், குறுஞ்செய்தியில் நான் அழுத்தியது விசைப்பலகையின் மைக் பொத்தான். இங்கே அழுத்தியதோ செயலியின் சொந்தப் பொத்தான். அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால், கைபேசி அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மைக்ரோஃபோன் அனுமதியை வழங்கினேன்.

உடனே எழுத்து வந்தது, ஆனால் பொருளற்ற ஆங்கிலச் சொற்களாக வந்தது. செயலியின் குரல் மொழியைத் தமிழுக்கு மாற்றியதும் அது சரியானது.

மறுநாள் இணையமின்றி மீண்டும் நின்றுபோனது. விமானப் பயன்முறையில் சோதித்தபோது ஆங்கிலம் எழுதியது, தமிழ் எழுதவில்லை: இணையமின்றிப் பேச்சை எழுத்தாக்க உதவும் மொழித்தொகுப்பு ஆங்கிலத்துக்குக் கைபேசியிலேயே இருந்தது. அதன் பதிவிறக்கப் பட்டியலில் தமிழ் இல்லாததால், இணையத்தில் இருக்கும்போது மட்டுமே தமிழில் பேசி எழுதுகிறேன்.