போர் ஆழத்தைப் பார்த்து மோட்டார் வாங்காதீர்கள்: 24 வீடுகளுக்கு ஒரு நீர்மூழ்கி பம்ப் தேர்ந்தெடுத்த கணக்கு

எங்கள் குடியிருப்பு தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கிறது. தரைத்தளத்தில் கார் நிறுத்தம், அதற்கு மேல் நான்கு மாடிகள், 24 வீடுகள். போர் ஆறரை அங்குல அகலம், 300 அடி ஆழம். பழைய 5 எச்.பி. மோட்டார் ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டாவது முறை எரிந்தபோது, சங்கத்தின் கணக்குப்பிள்ளை வேலையோடு இந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

வந்து பார்த்த பம்ப் கடைக்காரர் ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: "300 அடி போர், மேலே 60 அடி கட்டடம். 5 எச்.பி. இல்லாமல் ஏறாது சார்." மோட்டார் ஏன் எரிந்தது என்று கேட்டேன். "கரண்ட் சரியில்லை" என்றார்.

கரண்டின் மேல் தவறில்லை. மோட்டார் ஓடத் தொடங்கி அரை மணி நேரத்தில் மொட்டைமாடித் தொட்டியில் விழும் தண்ணீர் பால்போல வெளுத்து, இருமி இருமிக் கொட்டும். பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. போர் கொடுப்பதைவிட வேகமாக இறைக்கும் பம்பை மாட்டியிருந்தோம்.

படி 1: எவ்வளவு தண்ணீர் வேண்டும்

இது சுலபமான பகுதி. வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வழக்கமாக எடுக்கும் அளவு. 24 × 4 × 135 = 12,960. அதாவது சுமார் 13,000 லிட்டர்.

படி 2: போர் எவ்வளவு கொடுக்கும்

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. இதைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் துல்லியமாகக் கணக்கிட்டுப் பயனில்லை.

போரில் இரண்டு நீர்மட்டங்கள் உண்டு. இரவு முழுக்க மோட்டார் ஓடாமல் இருந்தால் காலையில் தெரிவது ஓய்வு மட்டம். இறைக்க இறைக்க மட்டம் கீழே இறங்கி, ஊறுகிற வேகமும் இறைக்கிற வேகமும் சமமாகும் இடத்தில் நிற்கும். அது இறைப்பு மட்டம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் டிராடவுன் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் 'இறக்கம்' என்று சொல்கிறேன்.

அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். இரட்டைக் கம்பி ஒயரின் நுனியில் இரண்டு முனைகளையும் ஒன்றையொன்று தொடாதபடி உரித்துவிட்டு, சிறிய எடை கட்டி, மறுமுனையில் மல்ட்டிமீட்டரை மாட்டினேன். நுனி தண்ணீரைத் தொட்டவுடன் மீட்டர் முள் அசையும். ஒயரில் மீட்டருக்கு ஒரு பட்டை வண்ண டேப் ஒட்டியிருந்ததால் ஆழம் உடனே தெரிந்தது. முதல் முறை ஒயர், பம்ப் குழாயில் சுற்றிக்கொண்டு மேலே வர மறுத்தது. அதன்பிறகு அரை அங்குலக் குழாய் ஒன்றைப் பக்கத்தில் இறக்கி அதற்குள்ளே ஒயரை விட்டோம். புதிய பம்ப் இறக்கும்போதே இந்தச் சிறு குழாயையும் சேர்த்துக் கட்டச் சொல்லிவிடுங்கள். பிறகு நினைத்தால் நடக்காது.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தபோது ஓய்வு மட்டம் 19 மீட்டர். சரிபண்ணி மாட்டிய பழைய 5 எச்.பி. பம்பையே வைத்து, போர் வாயிலிருந்து 200 லிட்டர் டிரம்மில் தண்ணீரை விட்டோம். வால்வை முழுக்கத் திறந்தபோது டிரம் ஒன்றரை நிமிடத்தில் நிரம்பியது: நிமிடத்துக்கு 133 லிட்டர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மட்டமோ விடாமல் இறங்கிக்கொண்டே போய், அரை மணிக்குள் பம்பின் வாயைத் தொட்டது.

முதல் 15 நிமிட ஓட்டத்தை நம்பிப் பலர் ஏமாறுவது இதனால்தான். ஆறரை அங்குல போரில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 21 லிட்டர் தண்ணீர் நிற்கும். 60 மீட்டர் உயரம் நின்றால் 1,260 லிட்டர். அது ஊறி வருவதல்ல, ஏற்கெனவே சேர்ந்து கிடப்பது.

மட்டம் திரும்பி ஏறியபின், கேட் வால்வை மூடி மூடி ஓட்டத்தைக் குறைத்தோம். டிரம் நிரம்ப 2 நிமிடம் 40 விநாடி ஆகும்படி வைத்தபோது, அதாவது நிமிடத்துக்கு 75 லிட்டரில், மட்டம் மூன்று மணி நேரத்தில் 38 மீட்டருக்கு வந்து, கடைசி ஒரு மணி நேரம் அங்கேயே நின்றது. இறக்கம் 38 − 19 = 19 மீட்டர். நிறுத்தியபின் அரை மணி நேரத்தில் 22 மீட்டருக்கு ஏறிவிட்டது. இந்த அரை மணி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

படி 3: எந்த ஓட்டத்துக்கு வாங்குவது

75 லிட்டர் என்பது மார்ச் மாதக் கதை. மே மாதத்துக்கும் தாங்க வேண்டும் என்பதால் 60 லிட்டரில் நின்றேன். 13,000 லிட்டருக்கு மூன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டம். நாளில் மூன்று நான்கு தவணையாகப் பிரிக்கத் தாராளமாக இடமிருக்கிறது. இன்னொரு வசதி, நிமிடத்துக்கு 60 லிட்டர் என்றால் விநாடிக்கு ஒரு லிட்டர். கணக்கு போடச் சுகம்.

படி 4: மொத்த ஹெட்

ஹெட் என்பது பம்ப் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம். குழாய் உராய்வில் போவதையும் மீட்டர் உயரமாகவே இதில் சேர்ப்பார்கள். கடைக்காரர் 300 அடியை, அதாவது 91 மீட்டரை, அப்படியே எடுத்துக்கொண்டார். பம்ப் தண்ணீரைத் தூக்குவது போரின் அடியிலிருந்து அல்ல. பம்ப் தொங்கும் ஆழத்திலிருந்தும் அல்ல. இறைப்பு மட்டத்திலிருந்து. அதற்குக் கீழே பம்ப் எத்தனை மீட்டர் மூழ்கியிருந்தாலும், வெளியே நிற்கும் தண்ணீரே அந்த உயரத்துக்கு உள்ளே ஏற்றிக் கொடுத்துவிடும்.

கோடையின் நிலைமையை வைத்தே கணக்கு போட வேண்டும். முந்தைய மே மாதம் நான் அளந்து எழுதி வைத்த ஓய்வு மட்டம் 28 மீட்டர். 75 லிட்டருக்கு 19 மீட்டர் இறங்கினால் 60 லிட்டருக்குச் சுமார் 15. எங்கள் பகுதி பாறை நிலம். மேல் வெடிப்புகள் வறண்டால் இறக்கம் கூடும், எனவே இன்னும் 5 மீட்டர். ஆக, கோடை இறைப்பு மட்டம் 48 மீட்டர்.

தரையிலிருந்து மொட்டைமாடித் தொட்டியில் குழாய் விழும் வாய்வரை 19 மீட்டர். தொட்டியின் அடிவரை அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

அடுத்தது குழாய் உராய்வு. போருக்குள் 60, தரையில் 30, மேலே 19, மாடியில் 11: மொத்தம் 120 மீட்டர் குழாய். உள்விட்டம் 40 மில்லிமீட்டர் உள்ள பிளாஸ்டிக் குழாயில், விநாடிக்கு ஒரு லிட்டர் ஓடும்போது 100 மீட்டருக்குச் சுமார் 2 மீட்டர் ஹெட் உராய்வில் போகிறது. 120 மீட்டருக்கு 2.4, வளைவுகள், வால்வுகள் சேர்த்து 3. குழாய் வாயில் கொஞ்சம் அழுத்தம் மிஞ்ச 2.

```
மொத்த ஹெட் = 48 + 19 + 3 + 2 = 72 m
நீர்த்திறன்  = 9.81 × 1 × 72 ≈ 706 W
பம்ப் செயல்திறன் 50% என்றால் = 706 / 0.5 ≈ 1.4 kW
```

1.4 கிலோவாட் என்பது 2 எச்.பி. மோட்டாருக்குள் அடங்குகிறது. எரிந்தது 5 எச்.பி.

குழாயில் மிச்சம் பிடிக்க நினைத்தால் கணக்கு தலைகீழாகும். அதே ஓட்டத்துக்கு உள்விட்டம் 32 என்றால் 100 மீட்டருக்கு 6 மீட்டர் போகும். 25 என்றால் 20 மீட்டர். 25 மில்லிமீட்டர் குழாயில் எங்கள் மொத்த ஹெட் 99 மீட்டராகி, மோட்டார் 3 எச்.பி.க்குத் தாவியிருக்கும். அந்த வித்தியாசத்தை மாதாமாதம் மின் கட்டணத்தில் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

படி 5: அட்டவணையில் பம்பைத் தேடுவது

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'அதிகபட்ச ஹெட்', 'அதிகபட்ச ஓட்டம்' இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. அதிகபட்ச ஹெட்டில் ஒரு சொட்டுக்கூட வராது. கடையில் அந்த மாடலின் அட்டவணையைக் கேட்டு வாங்கி, 72 மீட்டருக்கு நேரே எத்தனை லிட்டர் என்று பாருங்கள். 60க்கு அருகில் இருக்க வேண்டும். அதுவும் அட்டவணையின் ஓரத்தில் இல்லாமல் நடுப்பகுதியில் இருந்தால் நல்லது.

பிறகு மழைக்காலத்தையும் சோதியுங்கள். டிசம்பரில் எங்கள் ஓய்வு மட்டம் 8 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. மொத்த ஹெட் 47 ஆகக் குறைகிறது. அந்த 47 மீட்டரும் அட்டவணைக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் அளவுக்கு மீறித் தள்ளி, மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். அப்போது போர் வாயில் உள்ள வால்வைக் கொஞ்சம் மூடி வைப்பதே மருந்து.

பம்பை 60 மீட்டரில் தொங்கவிட்டோம். கோடை மட்டத்துக்குக் கீழே 12 மீட்டர் மூழ்கியிருக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. போர் போட்டவரின் குறிப்பின்படி முக்கிய ஊற்று 52 மீட்டரில், அதாவது பம்புக்கு மேலே வருகிறது. மோட்டாரோ பம்புக்குக் கீழே இருக்கிறது. மேலிருந்து வரும் தண்ணீர் பம்பின் வாய்க்குள் நேரே போய்விடும். மோட்டாரைத் தொட்டுக் குளிரவைக்காது. எனவே மோட்டாரைச் சுற்றி ஒரு பிவிசி உறை மாட்டினோம். உறையின் மேல்பக்கம் பம்பின் வாய்க்கு மேலே மூடியிருக்கும், அடி திறந்திருக்கும். தண்ணீர் கீழே இறங்கி, மோட்டாரை உரசிக்கொண்டுதான் மேலே ஏறியாக வேண்டும்.

படி 6: தொட்டி மட்டக் கட்டுப்பாடு

எங்கள் தொட்டி 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் 50 லிட்டர். ஒரே ஒரு மிதவை ஸ்விட்சைக் குட்டை ஒயரில் தொங்கவிட்டால் மட்டம் 5 சென்டிமீட்டர் இறங்கியதுமே மோட்டார் ஓடும். 250 லிட்டர், நான்கு நிமிடத்தில் நிற்கும். காலை நேரத்தில் மறுபடி ஓடும். ஒவ்வொரு தொடக்கத்திலும் மோட்டார் சுருள் பல மடங்கு மின்னோட்டத்தில் சூடாகிறது.

ஆகவே இரண்டு மிதவைகள்: கீழது 60 சென்டிமீட்டரில், மேலது 140இல். இடையில் 4,000 லிட்டர். இரண்டும் தொங்கினால் மோட்டார் தொடங்கும், இரண்டும் மிதந்தால் நிற்கும், நடுவில் இருந்தால் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைத் தொடரும். நாளுக்கு மூன்று நான்கு தொடக்கங்களோடு முடிகிறது. கீழே மிஞ்சும் 3,000 லிட்டர் மின்தடைக்கான கையிருப்பு.

மிதவை வழியாக மோட்டாரின் மின்சாரத்தை நேரடியாகச் செலுத்தாதீர்கள். 24 வோல்ட் கட்டுப்பாட்டு ஒயர் மட்டும் மாடிக்குப் போகட்டும். கீழே உள்ள காண்டாக்டர் என்ற மின்காந்த ஸ்விட்ச் மோட்டாரை இயக்கட்டும். மிதவை தொங்கும்போது சுற்று இணையும்படி வைத்தால், எலி ஒயரைக் கடித்துத் துண்டித்தால்கூட மோட்டார் நின்றுபோகும். தலைகீழாக வைத்தால் தொட்டி வழிந்து தெருவில் ஓடும்.

மேல் தொட்டி காலியாக இருக்கிறது என்பதற்காகப் போரில் தண்ணீர் இருக்கிறது என்று பொருளில்லை. அதனால் போர்டில் ஒரு டிரை ரன் கருவி. காற்று புகுந்தால் மோட்டாரின் ஆம்பியர் குறையும். அதைப் பார்த்துக் கருவி நிறுத்திவிடும். மறுபடி தொடங்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு, படி 2இல் குறித்த அரை மணி நேரத்தை எடுங்கள். கோடைக்காக 45 நிமிடம் வைத்தேன்.

மாட்டி முடித்ததும் மெக்கானிக்கை அனுப்பிவிடாமல், மாடிக்கு ஏறி மிதவைகளைக் கையால் தூக்கிப் பாருங்கள். கீழ் மிதவையை மட்டும் தூக்கினால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்கக் கூடாது. மேலதையும் தூக்கியவுடன் நிற்க வேண்டும். மேலதை விட்டாலும் தொடங்கக் கூடாது. கீழதையும் விட்ட பிறகே தொடங்க வேண்டும். எங்கள் மெக்கானிக் முதல் முறை இரண்டு ஒயர்களையும் மாற்றிப் பூட்டியிருந்தார். அன்று தூக்கிப் பார்த்ததால்தான் தெரிந்தது.