அச்சுக்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு அழைப்பு

பிளையரை, அதாவது விளம்பரத் துண்டறிக்கையை, அச்சுக்குக் கொடுக்கும் முன், அச்சகம் அனுப்பும் பிடிஎஃபை ஏ4 தாளில் எடுத்து, தாளில் இருக்கிற தொலைபேசி எண்ணை வேறொரு கைப்பேசியில் ஒவ்வொரு இலக்கமாக அழுத்தி அழைத்துப் பாருங்கள். உங்கள் கைப்பேசி மணியடித்தால்தான் எண் சரி. யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது கணக்கில்லை.

நம் எண்ணை நாமே வாசித்தால், மனப்பாடமான எண்தான் கண்ணுக்குத் தெரியும். விரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மலேசியாவில் அதிகம் நழுவுவது 011 எண்கள். அவற்றில் முன்னெண்ணுக்குப் பிறகு எட்டு இலக்கங்கள் வரும், 012-க்கு ஏழுதான். அதே ஏழு இடத்தில் அடைக்கப் பார்த்தால் ஒரு இலக்கம் காணாமல் போகும். பினாங்கின் 04-க்குப் பிறகு ஏழு, கோலாலம்பூரின் 03-க்குப் பிறகு எட்டு.

தேதிக்கும் இதே மாதிரி, கிழமையைக் காலண்டரில் பாருங்கள். "1 நவம்பர் 2026, சனி" என்று இருந்தால் தவறு, அன்று ஞாயிறு. விலையைக் கால்குலேட்டரில் பெருக்குங்கள்: முறுக்கு டின் ஒன்று 18 வெள்ளி, "சலுகை: மூன்று 54 வெள்ளி" என்றால் சலுகையே இல்லை! 45-ஐத் தவறாக அடித்திருக்கலாம்.

எழுத்துப் பிழைக்கு இது உதவாது. ல, ள குழப்பத்தை பிளையரை இதுவரை பார்க்காத ஒருவர்தான் பிடிப்பார். வாட்ஸ்அப் மட்டும் உள்ள எண் என்றால், அழைக்காமல் செய்தி அனுப்புங்கள். அப்புறம், சோதித்த பிறகு யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் புதிய பிடிஎஃப் கேட்டு மறுபடி அழையுங்கள்.