பதினொரு நிமிடக் குரல் செய்தியை ஒரு பக்கமாக்கும்போது நடக்கும் தவறுகள்

திருகோணமலை உப்புவெளியில் ஒன்பது அறை கொண்ட ஒரு விருந்தினர் விடுதி. அதன் உரிமையாளர் ஜனவரி மாதத்தில் எனக்கு வட்ஸ்அப்பில் நான்கு குரல் செய்திகள் அனுப்பினார். மொத்தம் பதினொரு நிமிடம். "பிள்ளை, எங்களுக்கு ஒரு நல்ல வெப்சைட் வேணும். மூன்று மொழியிலயும் இருக்கணும். வெளிநாட்டு ஆட்கள் ஏஜென்ட் இல்லாம எங்களிட்டயே நேரா புக் பண்ணணும். மேல இருந்து எடுத்த ட்ரோன் வீடியோ ஒண்டும் போட்டா எடுப்பா இருக்கும். சீசனுக்கு முதல் முடிச்சுத் தாங்க, காசைப் பற்றி யோசிக்க வேண்டாம்." சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் பக்கத்து விடுதியின் தளம் எப்படி இருக்கிறது என்பதும், கடற்கரையில் காலை வெளிச்சம் எப்படி விழும் என்பதும்.

இந்தப் பதினொரு நிமிடத்தை ஒரு பக்க ஸ்கோப் நோட்டாகச் சுருக்க வேண்டும். என்னென்ன கொடுப்பேன், எப்போது கொடுப்பேன், பணம் எப்போது வரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். ஃப்ரீலான்ஸ் வேலையில் நான் பட்ட இழப்புகளில் பெரும்பாலானவை வேலை தொடங்குவதற்கு முன்பே, இந்தச் சுருக்கத்தில்தான் விழுந்தன. இந்த விடுதி வேலையை வைத்தே அவற்றைச் சொல்கிறேன்.

முதல் தவறு, பிரீஃபில், அதாவது வாடிக்கையாளர் தன் தேவையைச் சொன்னதில், உள்ள வாக்கியங்களையே குட்டையாக்கி எழுதுவது. "மூன்று மொழியில் நவீனமான இணையத்தளம், நேரடி புக்கிங் வசதியுடன்" என்று எழுதினால் சுருக்கம் போலத்தான் தெரியும். ஆனால் இது வாடிக்கையாளரின் ஆசையைத்தான் திரும்பச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. ஒப்படைக்கும் பொருளை எண்ண முடிய வேண்டும். இரண்டு பேர் ஒரே திரையைப் பார்த்து "இது இருக்கிறது, இது இல்லை" என்று தனித்தனியே குறித்தால் இருவர் குறிப்பும் ஒத்துப்போக வேண்டும். "நவீனமான" என்பதை அப்படிக் குறிக்க முடியாது. "ஐந்து பக்கம்" என்பதைக் குறிக்கலாம்.

"நேரடி புக்கிங்" இன்னும் ஆபத்தான சொல். அதற்குக் குறைந்தது மூன்று அர்த்தம் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் உரிமையாளரின் வட்ஸ்அப் திறப்பது ஒன்று. தேதி, ஆட்களின் எண்ணிக்கை கேட்கும் படிவம் மின்னஞ்சலுக்குப் போவது இன்னொன்று. எந்த அறை எந்த நாளில் காலி என்று நாட்காட்டியில் காட்டி, அட்டையில் பணமும் வாங்குவது மூன்றாவது. முதலாவது அரை மணி நேர வேலை. மூன்றாவதற்கு வங்கியிடம் இணையக் கொடுப்பனவுக் கணக்கு எடுக்க வேண்டும். அந்த விண்ணப்பம் உரிமையாளரின் பெயரில் போவதால், அது முடியும் நாள் என் கையில் இல்லை. நான் விளக்கிக் கேட்டபோது அவர் சற்று யோசித்துவிட்டு, "ஆட்கள் என்னோட கதைச்சாக் காணும் பிள்ளை" என்றார். ஆக, முதலாவது போதும். கேட்காமல் "நேரடி புக்கிங்" என்றே எழுதியிருந்தால் மார்ச்சில் அவர் எதை எதிர்பார்த்திருப்பார் என்று என்னால் ஊகிக்கவே முடிந்திருக்காது.

"மூன்று மொழி" என்பதும் அப்படித்தான். பிரீஃபில் இரண்டே சொல், வேலையில் அது பெருக்கல் குறி. ஐந்து பக்கம், மூன்று மொழி என்றால் பதினைந்து பக்க உரை. அதை யார் எழுதுவது, யார் மொழிபெயர்ப்பது, யார் பிழை பார்ப்பது? வடிவமைப்பவர் என்ற முறையில் என் விலைக்குள் மொழிபெயர்ப்பு இல்லை. சிங்களத்தில் அறை விவரம் எழுதும் அளவுக்கு எனக்கு மொழி வளமும் இல்லை. "உரையை வாடிக்கையாளர் தருவார்" என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பது பலர் செய்வது. நம்மூரில் அதுவும் போதாது. தமிழ் உரை பாமினி எழுத்துருவில் வேர்ட் கோப்பாக வரும். சிங்களமும் பழைய எழுத்துரு ஒன்றில் வரும். இணையப் பக்கத்தில் ஒட்டினால் பாமினித் தமிழ் ஆங்கில எழுத்துகளின் குழப்பமாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றினாலும் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டு வாசித்தே ஆக வேண்டும். பதினைந்து பக்கத்துக்கு எனக்கு ஒரு முழு நாள் போகிறது. அதனால் குறிப்பில் "யூனிகோடில் தட்டச்சு செய்த, இறுதியான உரை" என்றே எழுதுகிறேன். "இறுதியான" என்ற சொல்லும் அங்கே முக்கியம். பக்கம் ஏற்றிய பிறகு சமையல்காரர் மாறினார், மெனுவும் மாறியது என்றால் அது புதிய வேலை.

இரண்டாவது தவறு, சுருக்கும்போது விட்டதைச் சொல்லாமல் விடுவது. ட்ரோன் வீடியோவை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. சேர்க்கவில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் காதில் அவர் சொன்ன பதினொரு நிமிடமும் அப்படியே இருக்கும். என் குறிப்பில் இல்லாததை, "அதைத்தான் முதலே சொன்னேனே" என்று அவர் நினைப்பது நியாயம்தான். ஆகவே "இதில் அடங்காதவை" என்று தனியாக ஒரு வரி வேண்டும். அந்த வரிக்குப் பொருளை வெளியே தேட வேண்டியதில்லை. பிரீஃபை மறுபடி கேட்டு, அவர் வாயால் சொல்லி நான் எடுக்காமல் விட்டவற்றை மட்டும் எழுதினால் போதும். ட்ரோன் விஷயத்தில் காரணத்தையும் சேர்த்து எழுதினேன். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்படாமல் இங்கே ட்ரோன் பறக்கவிட முடியாது. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் உள்ள திருகோணமலையில் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. அனுமதி பெற்ற ஒருவரை அவரே அமர்த்தி வீடியோவைத் தந்தால், நான் பக்கத்தில் ஏற்றுவேன். காரணம் தெரிந்ததும் அவர் மனவருத்தப்படவில்லை.

அடுத்தது நாள். "சீசனுக்கு முதல்" என்பதை "ஏப்ரல் 30" என்று மாற்றிவிட்டேன். கிழக்குக் கரையில் மே தொடங்கி செப்டெம்பர் வரைதான் கடல் அமைதியாக இருக்கும், ஆட்களும் வருவார்கள். கணக்கு சரி என்றே நினைத்தேன். அனுப்புவதற்கு முன் ஒரு தரம், "ஏன் ஐயா சீசனுக்கு முதல்?" என்று கேட்டதில்தான் விளங்கியது. ஆட்கள் வருவது மே மாதம், அறை பிடிப்பதோ அதற்கு இரண்டு மாதம் முன்பே. அவருக்குத் தேவை மார்ச் முதற்பாதி. நான் சரியான தேதியில் கொடுத்தும் அவருக்குப் பயன்படாமல் போயிருக்கும். பேச்சில் வரும் காலச்சொல்லைத் தேதியாக்கும்போது, அந்த நாளில் அவர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டுவிட வேண்டும்.

தேதி சரியாக இருந்தாலும் அதைத் தனியாக எழுதக் கூடாது. "ஒப்படைப்பு மார்ச் 10" என்று மட்டும் எழுதினால் அது எனக்கு மட்டும் கெடு. உரையும் படங்களும் பெப்ரவரி 28 வந்தாலும் மார்ச் 10 அப்படியே நிற்கும். என் தேதிக்கு முன்னால் அவருடைய தேதி ஒன்று வேண்டும், இரண்டும் கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும். அவர் தருவது எத்தனை நாள் பிந்துகிறதோ, நான் தருவதும் அத்தனை நாள் பிந்தும். வேலை நாள் எது என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. ஞாயிறும் போயாவும் எல்லாருக்கும் தெரிந்தவை. சிவராத்திரிக்கும், அதைத் தொடர்ந்து கோணேசர் நகர்வலம் வரும் நாட்களிலும் நான் மேசையில் இருக்க மாட்டேன். அவை பெப்ரவரி, மார்ச்சில்தான் வரும் என்பதால் அதையும் எழுதினேன்.

பணத்தில் செய்யும் தவறு ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது: "முடிந்ததும்". சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்குத் தளம் செய்தேன். பாதி முற்பணம், மீதி வேலை முடிந்ததும் என்று எழுதியிருந்தோம். "எங்களைப் பற்றி" பக்கத்துக்கான உரையை அவர்கள் தரவே இல்லை. அந்தப் பக்கம் காலியாக இருந்ததால் வேலை முடியவில்லை, வேலை முடியாததால் மீதிப் பணமும் இல்லை. எட்டு மாதம் அப்படியே போனது. அவர்கள் ஏமாற்ற நினைக்கவில்லை. என் குறிப்பு அவர்களுடைய தாமதத்துக்கு என்னையே பொறுப்பாக்கியிருந்தது. "திருப்தி அடைந்ததும்", "ஒப்புதல் தந்ததும்" என்று எழுதுவதிலும் இதே ஓட்டை உண்டு. மற்றவர் செய்ய வேண்டிய ஒன்றில் என் பணம் தொங்கக் கூடாது. நான் செய்யும் ஒன்றிலும் அதிலிருந்து எண்ணும் நாட்களிலும்தான் தொங்க வேண்டும். முதல் வடிவத்தை நான் காட்டும் நாள் என் கையில் இருக்கிறது. தளத்தின் கடவுச்சொல்லை ஒப்படைப்பதும் என் கையில் இருக்கிறது. தவணைகளை அந்த இரண்டிலும் கட்டினேன். மௌனத்துக்கும் ஒரு எல்லை வைத்தேன். ஒரு திருத்தச் சுற்றுக்கு ஐந்து வேலை நாளில் பதில் இல்லையென்றால் அந்தச் சுற்று ஏற்கப்பட்டதாகக் கொள்வேன்.

டொமைன், ஹோஸ்டிங் கட்டணத்தை என் கூலியோடு கலப்பதும் பின்னால் தலைவலி தரும். அவை வருடாவருடம் வருபவை. அவற்றை அவருடைய பெயரில் பதிந்து, அவரே நேராகக் கட்ட வேண்டும்.

கடைசியில் போன குறிப்பு இது.

வேலை: விடுதிக்கு ஐந்து பக்க இணையத்தளம் (முகப்பு, அறைகள், உணவு, சுற்றிப் பார்க்க, தொடர்பு), தமிழ், சிங்களம், ஆங்கிலம். வட்ஸ்அப் திறக்கும் புக்கிங் பொத்தான் ஒன்று. இரண்டு திருத்தச் சுற்று.
நீங்கள் தருவது: பதினைந்து பக்க இறுதி உரை யூனிகோடில், படங்கள் முப்பது, பெப்ரவரி 5-க்குள்.
அடங்காதவை: மொழிபெயர்ப்பு, படம் பிடித்தல், ட்ரோன் வீடியோ, இணையத்தில் பணம் வாங்கும் வசதி, டொமைன் மற்றும் ஹோஸ்டிங் கட்டணம்.
நாள்: முதல் வடிவம் பெப்ரவரி 19, ஒப்படைப்பு மார்ச் 10. முற்பணமோ உரையோ படங்களோ பிந்தினால் இரண்டும் அதே அளவு பிந்தும். ஞாயிறு, போயா, சிவராத்திரி, நகர்வல நாட்கள் வேலை நாள் அல்ல.
பதில்: ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து வேலை நாள். அதற்குள் பதில் இல்லையென்றால் அந்தச் சுற்று ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.
பணம்: மொத்தம் ரூ. 90,000. முற்பணம் 36,000, அது வந்த பிறகே வேலை தொடங்கும். முதல் வடிவம் காட்டி 7 நாளுக்குள் 27,000. கடவுச்சொல் ஒப்படைக்கும் முன் 27,000.

இதை அவருக்கு எழுத்தில் அனுப்பி, "சம்மதம்" என்று எழுத்திலேயே பதில் வாங்கினேன். குரலில் வரும் சம்மதத்தைப் பிறகு தேடி எடுப்பது கடினம். பெப்ரவரியில் உரை ஆறு நாள் பிந்தி வந்தது. அன்றைக்கே முதல் வடிவத்தின் புதிய தேதியை, பெப்ரவரி 25 என்று, அதே உரையாடலில் எழுதினேன். ஒப்படைப்பு மார்ச் 16 ஆனது. இடையில் மூன்றாவது திருத்தச் சுற்று வேண்டும் என்றார். பழைய குறிப்பைத் திருத்தாமல், அதன் கீழே "இரண்டாவது குறிப்பு: கூடுதல் சுற்று ஒன்று, ரூ. 6,000" என்று சேர்த்து அனுப்பினேன். "சரி பிள்ளை" என்று எழுதியவர், அடுத்த நாளே அந்தத் தொகையை வங்கியில் போட்டிருந்தார்.