சங்கத்து ஆண்டு விழா அறிவிப்பு: வாசலில் தகராறாகும் தவறுகள்

வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு விழா அறிவிப்பு பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒரு வண்ணப் போஸ்டராகத்தான் வருகிறது. மேலே சங்கத்தின் சின்னம், நடுவில் சிறப்பு விருந்தினரின் படம், அடியில் பொடி எழுத்தில் தேதியும் இடமும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரப்போகும் பெற்றோருக்குத் தேவையானதெல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது, அதுவும் பாதிதான். மீதிப் பாதி செயற்குழுவினருக்குத் தொலைபேசி அழைப்பாக வரும், அல்லது விழா நாளில் வாசல் மேசையில் வாக்குவாதமாக வெடிக்கும்.

படத்தை மட்டும் அனுப்புவதுதான் முதல் தவறு. படத்துக்குள் இருக்கும் முகவரியைத் தொட்டால் மேப் திறக்காது, பதிவு லிங்க்கை அழுத்த முடியாது, ஒரு வாரம் கழித்து குரூப்பில் தேடினாலும் அகப்படாது. போஸ்டர் இருக்கட்டும், அதற்குக் கீழேயே அதே விவரங்களை எழுத்தாகவும் போடுங்கள். அரங்கின் பெயரோடு அஞ்சல் குறியீட்டையும், பள்ளிக்கூட வளாகம் என்றால் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பல வளாகங்களில் மேப் காட்டும் முன்வாசல் சனி, ஞாயிறுகளில் பூட்டிக் கிடக்கும்.

தேதியை வெறும் எண்களாக எழுதுவது அடுத்தது. 05/04/2025 என்று போட்டால் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர் ஏப்ரல் 5 என்று படிப்பார், அமெரிக்காவில் இருப்பவர் மே 4 என்று படிப்பார். ஏப்ரல் 5 சனிக்கிழமை, மே 4 ஞாயிற்றுக்கிழமை. இரண்டுமே விழா வைக்கக்கூடிய நாட்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம்கூட வராது. "சனிக்கிழமை, 5 ஏப்ரல் 2025" என்று கிழமையும் மாதப் பெயரும் ஆண்டும் சேர்த்து எழுதினால் குழப்பமே இல்லை. ஆண்டை விட்டுவிட்டால் இன்னொரு தொல்லை உண்டு: போன வருடப் போஸ்டரை யாராவது நல்லெண்ணத்தோடு இந்த வருடம் ஃபார்வர்டு செய்வார்கள்.

நேரலை வைத்திருந்தால் ஊரில் பார்க்கப்போகும் தாத்தா பாட்டிக்கு இந்திய நேரத்தையும் போடுங்கள். ஆனால் போன விழாவின் அறிவிப்பிலிருந்து அதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். இந்தியாவில் கடிகாரம் மாறுவதில்லை, ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறுகிறது. லண்டனில் மாலை 4 மணி என்பது ஜனவரியில் இந்தியாவின் இரவு 9:30, ஏப்ரலில் 8:30.

இதையெல்லாம்விட அதிகம் சிக்கல் தருவது "மாலை 4 மணி முதல்" என்ற ஒற்றை வரி. நாலு மணிக்குக் கதவு திறக்குமா, நிகழ்ச்சி தொடங்குமா? மேடையேறும் பிள்ளை எப்போது வர வேண்டும்? சாப்பாடு எத்தனை மணிக்கு? கைக்குழந்தையோ மூன்று வயதுப் பிள்ளையோ உள்ள வீட்டுக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம். வீட்டில் ஊட்டிவிட்டுக் கிளம்புவதா, அங்கே போய்ப் பார்த்துக்கொள்வதா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அந்த நேரத்தைச் சொல்ல வேண்டுமானால் முதலில் கணக்குப் போட வேண்டும், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 22 நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றும் 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 110 நிமிடம், வரவேற்பும் பரிசளிப்பும் 25 நிமிடம், ஆக 6:15க்கு முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறி, மைக்கைச் சரிசெய்து, பாட்டு ஒலிக்கத் தொடங்குவதற்குள் 2 நிமிடமாவது போகும். 22 முறை ஏழு ஏழு நிமிடம் என்றால் 154, அதோடு 25 சேர்த்தால் 179 நிமிடம். உண்மையில் முடிவது ஏறக்குறைய 7 மணிக்கு. 6:15 என்று நம்பிச் சாப்பாட்டை வரவழைத்தால் முக்கால் மணி நேரம் அது ஆறும், பசித்த பிள்ளைகள் வரிசைக்கு வந்துவிடுவார்கள், கடைசியாக ஆடும் குழு காலி நாற்காலிகளுக்கு ஆடும். கணக்கு சரியாக இருந்தால் அறிவிப்பில் இப்படி எழுதலாம்:

மேடையேறும் பிள்ளைகள் வர வேண்டிய நேரம்: 2:45
கதவு திறப்பு: 3:15
நிகழ்ச்சி: 4:00 – 7:00
உணவு: 7:00 – 8:15
அரங்கைக் காலி செய்ய வேண்டிய நேரம்: 9:00

கடைசி வரியைப் பலரும் மறைத்துவைக்கிறார்கள். அதை வெளிப்படையாகப் போட்டால் நாற்காலி அடுக்க நாலு கைகளாவது கூடுதலாகக் கிடைக்கும்.

அடுத்து "குடும்ப டிக்கெட்". குடும்பம் என்றால் யார் யார் என்று சொல்லாமல் கட்டணத்தை மட்டும் போடுவது வாசல் சண்டைக்கு நேரடி அழைப்பு. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்: அப்பா, அம்மா, 19 வயதில் கல்லூரிக்குப் போகும் மகன், 11 வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி. அவர்களைக் கேட்டால் ஆறு பேரும் ஒரே குடும்பம்தான், அது தப்பும் இல்லை. சங்கமோ நாலு பேரைக் கணக்கில் வைத்து விலை வைத்திருக்கும். "ஒரே முகவரியில் வசிக்கும் பெரியவர்கள் 2 பேர், விழா நாளன்று 18 வயது நிறையாத அவர்களுடைய பிள்ளைகள்; மற்றவர்களுக்குத் தனி டிக்கெட்" என்று எழுதியிருந்தால் இந்த வீட்டுக்கு ஒரு குடும்ப டிக்கெட், மூன்று தனி டிக்கெட் என்பது அவர்களுக்கே வீட்டிலிருந்தபடி தெரிந்துவிடும். வந்திருக்கும் பெற்றோருக்குச் சலுகை உண்டென்றால் அதையும் எழுதிவிடுங்கள். வாசலில் ஒருவருக்கு மட்டும் விட்டுக்கொடுத்தால் பின்னால் நிற்பவர் சும்மா இருக்க மாட்டார். கைக்குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்றாலும் பதிவில் எண்ணிக்கை கேளுங்கள். தீப் பாதுகாப்பு விதிப்படி அரங்குக்கு ஒரு தலைக்கணக்கு வரம்பு இருக்கும், அதில் மடியில் இருப்பவரும் ஒரு தலை.

போட்டிகளுக்கு வயதுப் பிரிவு வைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 5–8, 8–12 என்று போட்டால் எட்டு வயதுப் பிள்ளை இரண்டிலும் இருக்கிறது. 5–8, 9–12 என்று பிரித்து, எந்தத் தேதியில் உள்ள வயது என்பதையும் எழுத வேண்டும்.

பணம் வங்கி வழியாக வருகிறதென்றால் பொருளாளரின் பாடு தனி. படிவத்தில் மனைவி பெயர், பணம் கணவர் கணக்கிலிருந்து, குறிப்பில் வெறுமனே "விழா" என்று மட்டும். இப்படி நாற்பது வரவுகள் வந்தால் எது யாருடையது? பதிவு எண்ணையோ, குடும்பப் பெயரோடு போனின் கடைசி நாலு எண்களையோ குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். பிரிட்டன் வங்கிகளில் அந்தக் கட்டத்தில் 18 எழுத்துகளுக்கு மேல் ஏறாது, அதனால் நீளமாக எதையும் கேட்க வேண்டாம்.

உணவைப் பற்றிச் சைவம், அசைவம் என்று எழுதுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிலக்கடலை, முந்திரி, எள், பால் ஆகியவை ஒவ்வாத பிள்ளைகள் உண்டு. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் வையுங்கள், பதிவின் கடைசி நாளையும் சமைப்பவர் எண்ணிக்கை கேட்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வையுங்கள். கடைசி நாள் முடிந்தபிறகு "இன்னும் நாலு பேர் மட்டும்" என்று வரும் கோரிக்கைகளுக்கு அந்த இடைவெளி வேண்டியிருக்கும்.

அறிவிப்பு போனபிறகு இடமோ நேரமோ மாறினால் போஸ்டரில் ஒரு எண்ணை மட்டும் திருத்தி மறுபடி அனுப்பாதீர்கள். பார்த்த போஸ்டர்தானே என்று கடந்துபோவார்கள். "இடம் மாறியிருக்கிறது" என்பதை முதல் வரியாக வைத்து, பழைய இடம் எது, புதிய இடம் எது என்று இரண்டையும் எழுதி, முதலில் அனுப்பிய எல்லாக் குரூப்களுக்கும் அனுப்புங்கள். பதிவு செய்தவர்களுக்குத் தனியாக மின்னஞ்சலும் போகட்டும். பழைய போஸ்டர் அதன்பிறகும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆகவே விழா நாளில் பழைய அரங்கின் வாசலில் புதிய முகவரியை ஒட்டி, நிகழ்ச்சி தொடங்கி அரை மணி நேரம்வரை ஒரு தன்னார்வலரையும் நிறுத்திவையுங்கள்.