ஸ்கேன் பக்கங்களைத் திருத்தக்கூடிய ஸ்லைடாக்குவது எப்படி?

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்புப் பயிற்சி கொடுக்கிற அண்ணன் ஒருவர், 14 பக்கக் கையேட்டின் ஸ்கேன் பிடிஎஃப் ஒன்றை ஏதோ ஒரு இணையக் கருவியில் போட்டு பவர்பாயிண்டாக மாற்றிக் கொண்டுவந்தார். "மக்கா, ஒரு எழுத்தக்கூட மாத்த முடியல்ல. இது வெறும் படம் ஆக்கும்" என்றார். திறந்து பார்த்தேன். சரிதான், ஒவ்வொரு ஸ்லைடிலும் முழுப் பக்கமும் ஒரே படமாக ஒட்டியிருந்தது.

எழுத்தையே உடைய பிடிஎஃப் என்றால் இதைவிட மோசமாகும். வரிக்கு ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வந்து நிற்கும். நடுவில் ஒரு சொல் சேர்த்தால் அடுத்த வரிமேல் ஏறிக்கொள்ளும். மாற்றிய ஃபைல் தேறுமா என்று பார்க்க `View` மெனுவில் `Outline View` போங்கள். இடப்பக்கம் ஸ்லைடு எண்கள் மட்டும் இருந்து எழுத்தே இல்லையென்றால், எழுத்து எதுவும் லேஅவுட்டின் கட்டங்களுக்குள் இல்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்து கொண்டிருப்பதைவிட எழுத்தை மட்டும் எடுத்து ஸ்லைடைப் புதிதாகக் கட்டுவது சீக்கிரம் முடியும். அண்ணனுக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

1. எந்த வகை பிடிஎஃப்?

ஒரு வரியை மவுஸால் இழுத்து காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். இழுக்கவே முடியவில்லை என்றால் ஸ்கேன். 'தமிழ்' என்ற இடத்தில் `jkpo;` என்று விழுந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோட் மாற்றியில் போட்டால் போதும். 'கொ' என்பது 'ெ' தனி, 'கா' தனி என்று சிதறி விழுந்தாலும் அந்த காப்பியை நம்பாதீர்கள். அந்த பிடிஎஃப்பையும் பக்கப்படங்களாக்கி, ஸ்கேன் மாதிரியே நடத்துங்கள்.

2. எழுத்தை எடுப்பது

ஸ்கேன் 300 டிபிஐ இருக்கட்டும். பக்கத்துக்கு ஒரு ஜேபிஜி என்று பிரித்து, ஒவ்வொன்றும் 2 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தை நடுவில் வெட்டி இரண்டு படமாக்குங்கள். இல்லையென்றால் இடப்பத்தி வரியும் வலப்பத்தி வரியும் கலந்துவிடும். கூகுள் டிரைவில் ஏற்றி, ரைட் கிளிக் செய்து `Open with`, `Google Docs` கொடுத்தால் மேலே படமும் கீழே எழுத்தும் வரும். படம் கூடவே இருப்பதால் பிழை பார்ப்பது சுலபம்.

பிழை பார்ப்பதில்தான் முக்கால்வாசி நேரம் போகும். துணைக்காலும் 'ர'வும் ஒரே சாயல் என்பதால் 'ராணி' என்பது 'ரரணி' ஆகிவிடும். அதைக் கண் பிடித்துவிடும். எனக்குத் தண்ணி காட்டியது வேறொன்று: 'தேனீ' பல இடங்களில் 'தேனி' ஆகியிருந்தது. தேனி ஒரு மாவட்டத்தின் பெயர், சரியான சொல், அதனால் பிழைதிருத்தி கோடு போடாது. மொத்தமாக மாற்றிவிடலாம் என்று `Replace all` அழுத்தினேன். 'தேனில் ஈரப்பதம்' என்பது 'தேனீல் ஈரப்பதம்' ஆனது! உடனே `Ctrl+Z` அடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினேன். உங்கள் கையேட்டிலும் இப்படி ஒரு சொல் இருக்கும். அதை மட்டும் தனியாகத் தேடிப் பாருங்கள்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகம் என்றால் பழைய வடிவ ணை, லை, னை வரும் இடமெல்லாம் சந்தேகப்படுங்கள். அட்டவணையை இந்த வழியில் எடுக்கவே வேண்டாம். கட்டங்கள் கலைந்து, எண்கள் இடம் மாறி நிற்கும்.

3. எழுத்துக்குப் படிநிலை கொடுப்பது

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். பக்கப்படங்களை நீக்கிவிட்டு எல்லா எழுத்தையும் ஒரே டாக்ஸில் சேருங்கள். ஸ்லைடின் தலைப்பாக வரவேண்டிய வரியில் கர்சரை வைத்து `Ctrl+Alt+1`, அதன் கீழ் வரும் ஒவ்வொரு குறிப்புக்கும் `Ctrl+Alt+2`. முதலாவது `Heading 1`, இரண்டாவது `Heading 2`. ஒரு பக்கத்தை ஒரு ஸ்லைடாக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ரப்பர் தேன் பற்றிய ஒரே பக்கத்தை நான் மூன்றாகப் பிரித்தேன்: மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் காலம், இளந்தளிரின் காம்பில் சுரக்கும் இனிப்பு நீர், அந்த நேரத்தில் பெட்டியில் செய்யவேண்டியவை. 14 பக்கம் கடைசியில் 23 ஸ்லைடு ஆனது.

இதை `.docx` ஆக இறக்கிக்கொள்ளுங்கள். வேர்டில் திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.

4. லேஅவுட்

எழுத்தைக் கொண்டுவரும் முன் பவர்பாயிண்டில் `View`, `Slide Master` போய் அச்சை முதலில் தயார் செய்யுங்கள். கையேட்டைப் புரட்டி எத்தனை விதப் பக்கம் இருக்கிறது என்று எண்ணுங்கள். எங்களுக்கு நான்குதான்: முகப்பு, தலைப்பும் குறிப்பும், படமும் குறிப்பும், அட்டவணை. மீதி லேஅவுட்டுகளை அழித்துவிட்டேன். எழுத்துரு `Nirmala UI`, தலைப்பு 36, குறிப்பு 24. எல்லாவற்றையும் மேலே இருக்கிற பெரிய மாஸ்டரில் ஒரே தடவை வைத்தால் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் வரும் அமைப்பின் பெயருக்கும் பக்க எண்ணுக்கும் இடம் இங்கேதான், அடிக்குறிப்பில். ஸ்லைடுகள் வந்த பிறகு `Insert`, `Header & Footer` போய் பெயரை அடித்து, எண்ணையும் டிக் செய்து `Apply to All` கொடுத்தால்தான் அவை தெரியும்.

குறிப்புக் கட்டத்தை ரைட் கிளிக் செய்து `Format Shape` போய், டெக்ஸ்ட் பாக்ஸ் அமைப்பில் `Do not Autofit` தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் எழுத்து கூடக்கூட சத்தமில்லாமல் சிறிதாகிக்கொண்டே போய், ஒரு ஸ்லைடில் 24, அடுத்ததில் 17 என்று நிற்கும். வழிந்தால் வழியட்டும், பார்த்து இரண்டாகப் பிரிக்கலாம்.

5. கொண்டுவந்து பொருத்துவது

`Home`, `New Slide`, `Slides from Outline`. அந்த `.docx` ஃபைலைக் காட்டுங்கள். எல்லா ஸ்லைடும் தலைப்பும் குறிப்புமாக ஒரே மூச்சில் வந்து நிற்கும். வேர்டின் நிறமும் எழுத்துருவும் கூடவே வந்திருக்கும். எல்லா ஸ்லைடையும் தேர்ந்தெடுத்து `Reset` அழுத்துங்கள். அப்புறமும் ஒட்டிக்கொண்டிருந்தால் அவுட்லைனில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Ctrl+Space`. படம் வேண்டிய ஸ்லைடுகளுக்கு மட்டும் `Layout` மாற்றுங்கள்.

படங்களை டாக்ஸிலிருந்து எடுக்காதீர்கள். மூல ஸ்கேனிலிருந்து வெட்டுங்கள். படத்துக்கான கட்டமாக `Picture` வைத்தால் அது படத்தின் ஓரங்களை வெட்டிக் கட்டத்தை நிரப்பிவிடும். தேனீப் பெட்டிப் படத்தில் மேல்மூடியே காணாமல் போயிற்று. விளக்கப் படங்களுக்கு `Content` கட்டம்தான் சரி. முழுப் படமும் உள்ளே அடங்கும்.

அந்தப் பெட்டிப் படத்தில் அடிப்பலகை, புழு அறை, தேன் அறை என்ற பெயர்கள் மங்கலாக இருந்தன. ஸ்கேனை அடியில் வைத்து அதன்மேல் செவ்வகங்களாக வரைந்து, பெயர்களைப் புதிதாக அடித்து, ஸ்கேனை அழித்துவிட்டேன். இருபது நிமிட வேலை. இப்போது அண்ணன் தேன் அறையை மட்டும் மஞ்சளாக்கிக் காட்டலாம். மாதவாரி வேலை அட்டவணையை `Insert`, `Table` போட்டு கையாலேயே அடித்தேன். எண்களை ஒருவர் வாசிக்க இன்னொருவர் மூலத்தில் பார்ப்பது நல்லது.

கடைசியாக மாஸ்டரில் தலைப்பின் நிறத்தை மாற்றிப் பாருங்கள். நான் மாற்றியபோது 22 ஸ்லைடு மாறியது, ஒன்று மாறவில்லை. அவசரத்தில் அதன் தலைப்பைத் தனி டெக்ஸ்ட் பாக்ஸில் அடித்திருந்தேன்.