பல்லவியின் கடைசியில் தொங்கும் 'தில்லை': ஒரு கிருதியைப் பிரித்துப் பார்க்கும் முறை

நாற்பது வயதுக்கு மேல் பாட்டு வகுப்பில் சேர்ந்தவன் நான். சிங்கப்பூரில் சனிக்கிழமை காலை வகுப்பு, அது முடிந்ததும் லிட்டில் இந்தியாவில் ஒரு கோப்பி, பிறகு செங்காங் வரை ரயில். சில மாதங்கள் போனதும் 'சபாபதிக்கு வேறு தெய்வம்' பாடமாயிற்று. சரணத்தின் கடைசி வரியைப் பாடிவிட்டு, பாட்டு முடிந்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். டீச்சர் தாளத்தை நிறுத்தவில்லை. "தில்லைன்னு விட்டுட்டீங்களே, தில்லையில யாரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் கிருதியின் அமைப்பும் தெரிந்துவிடும். கர்நாடக இசையில் கிருதி என்பது பொதுவாகப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று பகுதிகள் கொண்ட பாட்டு. அனுபல்லவி முடிந்தும் சரணம் முடிந்தும் பல்லவிக்குத் திரும்புவார்கள். இந்த ஒரு பாட்டை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம். கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் எழுதியது. ஆபோகி ராகம், ரூபக தாளம். தமிழில் இருப்பதால் பொருள் தேடி அலைய வேண்டாம்.

படி 1: சாகித்தியத்தை எழுதிக்கொள்ளுங்கள்

தட்டச்சு வேண்டாம், கையால் எழுதுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் இரண்டு வரி இடம் விடுங்கள்.

பல்லவி:
சபாபதிக்கு வேறு தெய்வம் சமானமாகுமா – தில்லை

அனுபல்லவி:
கிருபாநிதி இவரைப் போலக் கிடைக்குமோ இந்தத் தரணிதன்னிலே

சரணம்:
ஒருதரம் சிவசிதம்பரம் என்று சொன்னால் போதுமே
பரகதிக்கு வேறு புண்ணியம் பண்ண வேண்டாமே
அரிய புலையர் மூவர் பாதம் அடைந்தார் என்று புராணம்
அறிந்து சொல்லக் கேட்டோம் கோபாலகிருஷ்ணன் பாடும் தில்லை

பாடகருக்குப் பாடகர் ஓரிரு சொல் மாறும். உங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடத்தையே எழுதுங்கள்.

படி 2: இரண்டாம் எழுத்தைக் கோடிடுங்கள்

இங்கே உயர்நிலைப் பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்கு எதுகையும் மோனையும் நினைவிருக்கும். பரீட்சைக்குப் பிறகு அவை எனக்குப் பயன்பட்டது இதில்தான்.

பல்லவி 'சபா' என்று தொடங்குகிறது, இரண்டாம் எழுத்து 'பா'. அனுபல்லவி 'கிருபா'. எழுத்தில் எண்ணினால் 'பா' மூன்றாவதாக வரும். ஆனால் அது வடசொல், பாடும்போது 'க்ருபா' என்றுதான் ஒலிக்கும். காதுக்கு 'பா' இரண்டாம் இடத்தில் வந்துவிடுகிறது. இப்படிப் பல்லவியின் எதுகையை அனுபல்லவி பிடித்துக்கொள்வதுதான் வழக்கம்.

இனி சரணத்தைப் பாருங்கள்: ஒரு, பர, அரி, அறி. பல்லவியின் 'பா' போய்விட்டது. சரணம் தனக்கென்று ஓர் எதுகையை எடுத்துக்கொண்டு, நான்கு வரியிலும் அதை நடத்துகிறது. (ரகரமும் றகரமும் ஒன்றா என்று தமிழாசிரியர் கேட்பார். பாட்டுக்காரர்கள் காதை நம்புகிறவர்கள்.)

ஆகவே அனுபல்லவி பல்லவியை ஒட்டியே பிறந்தது. சரணம் தனிக்குடித்தனம் போன பிள்ளை. நான் இதை மனத்தில் வைத்துக்கொண்டது அப்படித்தான்.

மோனையையும் பார்த்துவிடுங்கள். சபாபதிக்கு – சமானமாகுமா, கிருபாநிதி – கிடைக்குமோ, பரகதிக்கு – பண்ண. வரியின் பின்பாதி எங்கே தொடங்குகிறது என்பதை மோனை காட்டிக்கொடுக்கும். மூச்சு எடுக்க ஏற்ற இடமும் பெரும்பாலும் அதுதான்.

படி 3: வாக்கியமாகப் படியுங்கள்

ராகத்தை விட்டுவிட்டு உரைநடை போல வாசித்துப் பாருங்கள். 'சபாபதிக்கு வேறு தெய்வம் சமானமாகுமா' என்பதில் கேள்வி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் 'தில்லை' எதோடும் ஒட்டாமல் தொங்குகிறது. பல்லவியை இரண்டாம் முறை எடுத்ததும்தான் அது போய்ச் சேர்கிறது: தில்லை – சபாபதிக்கு.

அனுபல்லவி 'கிருபாநிதி இவரைப் போல' என்கிறது. யார் அந்த 'இவர்'? அனுபல்லவிக்குள் பெயர் இல்லை, பல்லவியில்தான் இருக்கிறது. அதனால் அனுபல்லவியைத் தனியாகப் பாடினால் பொருள் நிற்காது. 'தரணிதன்னிலே' என்று முடித்து மீண்டும் 'சபாபதிக்கு' என்று எடுக்கும்போது, இந்த உலகத்தில் அவருக்குச் சமானம் உண்டா என்று ஒரே மூச்சில் பொருள் ஓடுகிறது.

சரணம் காரணம் சொல்ல வருகிறது. ஒருமுறை பெயரைச் சொன்னால் போதும், வேறு புண்ணியம் வேண்டாம், கடைநிலையில் வைக்கப்பட்டவர்களும் பாதம் அடைந்தார்கள் என்று புராணம் சொல்கிறது. இதெல்லாம் பல்லவி கேட்ட கேள்விக்கான சாட்சி. கடைசி வரியில் இயற்றியவர் தன் பெயரை வைக்கிறார். இதை முத்திரை என்பார்கள், பெரும்பாலும் சரணத்தில்தான் வரும். பெயரை வைத்த கையோடு 'பாடும் தில்லை' என்று முடிக்கிறார். பல்லவியின் முடிவில் தொங்கிய அதே சொல்! 'கோபாலகிருஷ்ணன் பாடும் தில்லை சபாபதிக்கு' என்று பல்லவிக்குள் மறுபடி நுழைந்தால்தான் வாக்கியம் முடியும். நான் நிறுத்திய இடம் வாக்கியத்தின் நடுவழி.

படி 4: தாளம் போட்டுக் கேளுங்கள்

ரூபகத்தை இன்று கச்சேரிகளில் தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்றாகப் போடுகிறார்கள். ரயிலில் நான் தொடையில்தான் போடுவேன். பக்கத்தில் இருப்பவர் ஒருமுறை நகர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் 'சபா'வின் 'ச' முதல் தட்டின் மேலேயே விழுகிறதா, சற்றுத் தள்ளி விழுகிறதா என்று பாருங்கள். இந்தத் தொடக்க இடத்துக்கு எடுப்பு என்று பெயர். அனுபல்லவி முடிந்தும் சரணம் முடிந்தும் நீங்கள் திரும்ப வேண்டியது இதே இடத்துக்கு. 'தில்லை'யை அவசரமாகச் சுருக்கினாலும், சுகமாக இழுத்தாலும் 'சபா' இடம் மாறி விழும். கை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போனால் பிழை பெரும்பாலும் இந்த மூட்டில்தான். வாயால் பாடாமல், தாளத்தோடு 'பாடும் தில்லை – சபாபதிக்கு' என்பதை மட்டும் பத்து முறை சொல்லிப் பாருங்கள்.

படி 5: குரல் எங்கே ஏறுகிறது என்று குறியுங்கள்

ஆபோகியில் பஞ்சமமும் நிஷாதமும் கிடையாது. ஸ ரி க ம த, அடுத்து மேல் ஸட்ஜம். பொதுவாகக் கிருதியின் பல்லவி நடு ஸ்தாயியில் உலாவும், அனுபல்லவி மேல் ஸட்ஜத்தை நோக்கி ஏறும், சரணம் மறுபடி கீழே நிதானமாகத் தொடங்கும். பல கிருதிகளில் சரணத்தின் பின்பாதி அனுபல்லவியின் மெட்டையே எடுத்துக்கொள்ளும், சொல் மட்டும் வேறு. எழுதிய தாளில் குரல் ஏறும் இடங்களில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுங்கள். 'கிருபாநிதி'யையும் 'அரிய புலையர்' வரியையும் அடுத்தடுத்துக் கேட்டு, மெட்டு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று: பல்லவியை முதலில் பாடும்போது சங்கதிகள், அதாவது ஒரே வரியை மெட்டு மாற்றிப் பாடுவது, ஒன்றன்மேல் ஒன்றாக வளரும். திரும்பி வரும்போது அத்தனையையும் பாட வேண்டாம், ஓரிரு முறை பல்லவியைத் தொட்டால் போதும்.

இந்த முறை எங்கே செல்லாது?

முத்துசுவாமி தீட்சிதரின் சில கிருதிகளில் பல்லவிக்கு அடுத்து ஒரே பகுதிதான் இருக்கும். அனுபல்லவியும் சரணமும் சேர்ந்த அதைச் சமஷ்டி சரணம் என்பார்கள். அங்கே மூன்றாம் பகுதியைத் தேடிக் குழம்ப வேண்டாம். தியாகராஜரின் சில கிருதிகளில் சரணங்கள் பல இருக்கும், கச்சேரியில் ஒன்றை மட்டும் பாடுவதும் உண்டு. அப்படிப் பாடும்போது பெரும்பாலும் முத்திரை உள்ள சரணத்தையே எடுப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை 'பாடும் தில்லை'யோடு நிற்காமல் 'சபாபதிக்கு' என்று எடுத்தேன். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்தவரைப் பாடச் சொன்னார். எங்கள் வகுப்பில் அதற்குப் பெயர் பாராட்டு.